செவ்வகத்தின் தலையில் ஓர் அரைவட்டம்: குறைந்த சட்டத்தில் பெரிய ஜன்னல்

கீழே செவ்வகம், அதன் மேல் விளிம்பில் சரியாகப் பொருந்தும் ஓர் அரைவட்டம். இந்த வடிவ ஜன்னலைக் கணிதப் புத்தகங்கள் நார்மன் ஜன்னல் என்று அழைக்கின்றன. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் நார்மன்கள் எழுப்பிய கல் கட்டடங்களில் இந்த வட்ட வளைவுதான் வாசலிலும் ஜன்னலிலும் திரும்பத் திரும்ப வரும். கட்டடக் கலைஞர்களைவிட வகையிடல் கற்றுத் தரும் ஆசிரியர்களுக்குத்தான் இப்போது இதன் மீது அதிகப் பிரியம். காரணம், இதை வைத்து ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்: ஜன்னலின் வெளிவிளிம்பு முழுவதையும் சுற்றி வர இவ்வளவு நீளச் சட்டம்தான் இருக்கிறது என்றால், அதற்குள் மிக அதிகப் பரப்பை அடக்க ஜன்னல் எவ்வளவு அகலமாக, எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்?

விடையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நான்கு வரி இயற்கணிதம் போதும். ஆனால் அந்த விடை ஏன் அப்படி அமைகிறது என்பதைப் பெரும்பாலான விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் இந்தக் கணக்கின் உயிர் என்று தோன்றுகிறது. ஆகவே கணக்கை முதலில் முடித்துவிட்டு, அந்த இடத்தில் சற்று அதிக நேரம் நிற்கலாம்.

கையில் 6 மீட்டர் நீளமுள்ள, எப்படியும் வளைக்கக்கூடிய சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரைவட்டத்தின் ஆரம் r. அரைவட்டம் செவ்வகத்தின் மேல் முழுதாகப் பொருந்துவதால், செவ்வகத்தின் அகலம் அதன் விட்டமே, அதாவது 2r. செவ்வகத்தின் உயரம் h. இந்த இரண்டு எழுத்துகளைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

சட்டம் எங்கெல்லாம் போகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. அடிப்பக்கம் ஒன்று, அதன் நீளம் 2r. இரண்டு பக்கவாட்டுகள், ஒவ்வொன்றும் h. மேலே அரைவட்ட வளைவு. முழு வட்டத்தின் சுற்றளவு 2πr என்பதால் அதில் பாதி, πr. செவ்வகமும் அரைவட்டமும் சந்திக்கும் கோட்டில் சட்டம் இல்லை. அது படத்தில் நாம் நம் வசதிக்காக வரையும் கோடு, ஜன்னலின் வெளிவிளிம்பு அல்ல. தேர்வுத் தாள்களில் இந்தக் கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: செவ்வகத்தின் சுற்றளவையும் அரைவட்டத்தின் சுற்றளவையும் தனித்தனியே எழுதிக் கூட்டிவிடுவார்கள், நடுக்கோடு இரண்டு முறை கணக்கில் புகுந்துவிடும்.

சரியாக எழுதினால் இப்படி வரும்:

```
சுற்றளவு:  P = 2r + 2h + πr
பரப்பளவு:  A = 2rh + πr²/2
```

பரப்பளவில் இரண்டு மாறிகள் இருக்கின்றன. ஆனால் அவை இரண்டும் சுதந்திரமானவை அல்ல. சட்டத்தின் நீளம் 6 மீட்டர் என்று கட்டிப்போட்டுவிட்டதால், r எவ்வளவு என்று சொன்ன உடனே h தானாகவே முடிவாகிவிடுகிறது. அடிக்கும் வளைவுக்கும் போக மிச்சமிருக்கும் சட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டுகளுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

```
h = (P − 2r − πr)/2
```

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். r = 0.5 மீட்டர் என்றால் h ஏறத்தாழ 1.71 மீட்டர். ஒடுங்கிய, நெட்டையான ஜன்னல். அதன் பரப்பு 2.107 சதுர மீட்டர். ஆரத்தை 0.7 ஆக்கினால் h 1.20 ஆகக் குறைகிறது, ஆனால் பரப்பு 2.450க்கு ஏறுகிறது. 0.8 ஆக்கினால் 2.515. இன்னும் அகலப்படுத்தி 0.9க்குப் போனால் 2.508, சற்றே இறங்கிவிட்டது. r = 1 என்றால் 2.429. இப்படியே போனால் ஓர் எல்லையில் செவ்வகமே மறைந்து, தரையில் கவிழ்த்த கிண்ணம் போல வெறும் அரைவட்டம் மட்டும் மிஞ்சும். h சுழியமாகும் அந்த நிலையில் r = P/(2+π), அதாவது 1.167 மீட்டர், பரப்பு 2.139 மட்டுமே. வளைவுதான் பரப்பை அள்ளித் தரும், ஆகவே அரைவட்டத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் பதில் சொல்லிவிடுகிறது. வெறும் அரைவட்டத்துக்கு அடிப்பக்கம் மிக நீளமாகத் தேவைப்படுகிறது. அந்த அடிப்பக்கத்துக்கே 2.33 மீட்டர் சட்டம் போய்விடும்.

ஆக, உச்சம் 0.8க்கும் 0.9க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இப்போது சூத்திரத்துக்கு வருவோம். h-க்கு மேலே எழுதியதைப் பரப்பளவில் பதிலிட்டால், 2rh என்பது r(P − 2r − πr) ஆகிறது. அதோடு πr²/2-ஐக் கூட்டிச் சுருக்கினால்:

```
A = Pr − (2 + π/2) r²
```

இது r-இல் ஓர் இருபடிச் சார்பு. r²-இன் கெழு குறை எண் என்பதால் வரைபடம் கீழ்நோக்கித் திறந்த பரவளையம். அதற்கு உச்சி ஒன்றே ஒன்றுதான். வகையிடல் தெரிந்தவர்கள் dA/dr = P − (4 + π) r என்று எழுதி அதைச் சுழியமாக்குவார்கள். தெரியாதவர்களுக்கும் இழப்பில்லை: ax − bx² என்ற வடிவில் உள்ள எந்தப் பரவளையத்தின் உச்சியும் x = a/(2b) என்ற இடத்தில் இருக்கும். இந்தக் கணக்கைத் தீர்க்க வகையிடல் கட்டாயம் இல்லை என்பதைப் பல பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. அந்தப் பாடத்தில் இது வந்துவிட்டதால் அந்தக் கருவியையே எடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. இரண்டு வழியிலும் கிடைப்பது இதுதான்:

```
r = P/(4 + π)
```

6 மீட்டர் சட்டத்துக்கு r = 6/7.1416, ஏறத்தாழ 0.840 மீட்டர். இதை வைத்து h-ஐக் கணக்கிடுங்கள். (6 − 5.1416 × 0.84015)/2. விடை 0.840 மீட்டர். அதே எண். தற்செயல் அல்ல, P எதுவாக இருந்தாலும் இப்படித்தான் வரும். r-இன் சூத்திரத்தை h-இல் போட்டால் h-உம் P/(4 + π) என்றே சுருங்குகிறது.

அதாவது, மிகப் பெரிய ஜன்னலில் செவ்வகத்தின் உயரம் அரைவட்டத்தின் ஆரத்துக்குச் சமம். அகலம் 1.68 மீட்டர். மொத்த உயரம், செவ்வகத்தின் 0.84-உம் வளைவின் 0.84-உம் சேர்ந்து, அதே 1.68 மீட்டர். ஜன்னல் எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம். பரப்பு 2.520 சதுர மீட்டர். இதே 6 மீட்டரில் சதுர ஜன்னல் செய்திருந்தால் 2.25தான் கிடைத்திருக்கும். முழு வட்டமாக வளைத்திருந்தால் 2.865 கிடைக்கும், கொடுத்த சுற்றளவில் எந்த வடிவமும் வட்டத்தைத் தாண்ட முடியாது. நம் ஜன்னல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே.

பெரும்பாலான விளக்கங்கள் இங்கே பேனாவை மூடிவிடும். ஆனால் h = r என்று இவ்வளவு எளிமையான ஒரு சமன்பாடு, π கலந்த குழப்பமான சூத்திரங்களுக்குள்ளிருந்து சுத்தமாக வெளியே வருகிறதே, அதற்குக் காரணம் இருக்க வேண்டாமா?

சட்டத்தைச் செலவாகவும் பரப்பை வரவாகவும் பாருங்கள். கையில் ஒரு சிறு துண்டுச் சட்டம் கூடுதலாகக் கிடைத்தால், அதை ஜன்னலில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு: ஜன்னலை உயர்த்தலாம், அல்லது அகலப்படுத்தலாம். எது அதிக லாபம்?

உயர்த்துவதை முதலில் எடுத்துக்கொள்வோம். செவ்வகத்தை δ அளவு உயர்த்தினால் வளைவு அப்படியே மேலே நகரும். இரண்டு பக்கவாட்டுகளும் மட்டும் δ நீளும். செலவு 2δ. வரவு, 2r அகலமும் δ உயரமும் கொண்ட ஒரு பட்டை: 2rδ. ஒரு மீட்டர் சட்டத்துக்கு r சதுர மீட்டர் என்ற வீதத்தில் பரப்பு கிடைக்கிறது. ஜன்னல் எவ்வளவு அகலமோ, உயர்த்துவது அவ்வளவு லாபம்.

அகலப்படுத்துவது கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஆரத்தை δ அளவு கூட்டும்போது இடது பக்கம் இடப்புறமாகவும் வலது பக்கம் வலப்புறமாகவும் δ நகர்கின்றன. ஒவ்வொன்றும் hδ பரப்பைச் சேர்க்கிறது. வளைவு எல்லாத் திசையிலும் δ வெளியே தள்ளப்படுகிறது; அதன் நீளம் πr, எனவே அது சேர்க்கும் மெல்லிய பட்டையின் பரப்பு ஏறத்தாழ πrδ. மொத்த வரவு (2h + πr)δ. செலவு? அடிப்பக்கம் 2δ நீள்கிறது, வளைவு πδ நீள்கிறது. ஆகவே ஒரு மீட்டருக்குக் கிடைக்கும் பரப்பு:

```
(2h + πr)/(2 + π)
```

இப்போது அந்த நெட்டை ஜன்னலுக்குத் திரும்புவோம்: r = 0.5, h = 1.715. அதை உயர்த்தினால் மீட்டருக்கு 0.5 சதுர மீட்டர். அகலப்படுத்தினால் 5/5.1416, அதாவது மீட்டருக்கு 0.97. ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியென்றால் கூடுதல் சட்டம் எதுவும் இல்லாமலேயே நாம் லாபம் பார்க்கலாம். பக்கவாட்டுகளில் இருந்து மொத்தம் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால் 50 சதுர சென்டிமீட்டர் இழப்போம். அந்த ஒரு சென்டிமீட்டரை அகலத்தில் சேர்த்தால் 97 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். இந்த மாற்றம் லாபம் தரும் வரை செய்துகொண்டே போகலாம்.

r = 1, h = 0.429 என்ற பரந்த ஜன்னலில் நிலைமை தலைகீழ். உயர்த்துவது மீட்டருக்கு 1 தருகிறது, அகலப்படுத்துவது 0.78தான் தருகிறது. அங்கே அகலத்தில் இருந்து எடுத்து உயரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கினாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓரிடத்தில் நின்றாக வேண்டும்: இரண்டு வீதங்களும் சமமாகும் இடத்தில். அங்கே எங்கிருந்து எடுத்து எங்கே கொடுத்தாலும் எந்த லாபமும் இல்லை. அந்தச் சமன்பாட்டை எழுதுங்கள்:

```
r = (2h + πr)/(2 + π)
2r + πr = 2h + πr
r = h
```

இரண்டு பக்கமும் இருக்கும் πr தானே அடிபட்டுப் போகிறது. அதனால்தான் விடையில் π-இன் சாயலே இல்லை. வளைவு தன் செலவுக்கு ஈடாகத் தன் வரவைத் தானே கொண்டுவந்துவிடுகிறது: π நீளம் கேட்டு πr பரப்பு தருகிறது, மீட்டருக்குச் சரியாக r. உயர்த்துவதும் மீட்டருக்கு r தருகிறது. மிச்சம் இருப்பது அடிப்பக்கமும் பக்கவாட்டுகளும்தான்: அகலப்படுத்தும்போது அடிப்பக்கம் 2 கேட்கிறது, பக்கவாட்டுகள் 2h தருகின்றன. அதுவும் மீட்டருக்கு r ஆக வேண்டுமென்றால் h, r-க்குச் சமமாக வேண்டும். வகைக்கெழுவைச் சுழியமாக்குவது என்பது உண்மையில் இந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று அறிவிப்பதுதான்.

இதையே வடிவமாகவும் பார்க்கலாம். வளைவின் மையத்தில், அதாவது அந்த இல்லாத நடுக்கோட்டின் நடுவில், O என்று ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து வளைவு எல்லா இடத்திலும் r தூரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கவாட்டுகளும் r தூரத்தில். அடிப்பக்கம் h தூரத்தில். h = r என்றால் அடிப்பக்கமும் r தூரத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது O-வை மையமாகக் கொண்டு r ஆரத்தில் முழு வட்டம் வரைந்தால் அது மேலே வளைவோடு ஒன்றிப்போகும், இரு பக்கங்களையும் தொடும், அடியையும் தொடும். மிகச் சிறந்த ஜன்னல் என்பது தனக்குள் ஒரு முழு வட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஜன்னல். வட்டத்துக்கு வெளியே மிஞ்சுவது கீழ் மூலைகள் இரண்டு மட்டுமே.

இதில் ஒரு கைக்கணக்கும் இருக்கிறது. O-வில் இருந்து மூலைகளுக்குக் கோடு இழுத்து ஜன்னலைத் துண்டுகளாக்கினால் மூன்று முக்கோணங்களும் ஓர் அரைவட்டமும் கிடைக்கும். ஒவ்வொன்றின் பரப்பும் ½ × அதன் வெளிவிளிம்பு × r. எல்லாவற்றையும் கூட்டினால் A = ½rP. 6 மீட்டருக்கு ½ × 0.840 × 6 = 2.520. நீளமான சூத்திரத்தில் போட்டுக் கிடைத்த அதே எண். உங்கள் விடை சரியா என்று பார்க்க இதைவிட விரைவான வழி இல்லை; ஆனால் h = r ஆன ஜன்னலுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இனி, கணக்கில் சிறிது மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். செவ்வகமும் அரைவட்டமும் சந்திக்கும் இடத்தில் உண்மையிலேயே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே தனிக் கண்ணாடி, கீழே திறக்கும் கதவுகள் என்ற அமைப்பில் அது தேவைப்படும். அப்போது சட்டத்தின் மொத்த நீளம் 4r + 2h + πr. முதலில் நாம் தவறு என்று ஒதுக்கிய அந்த நடுக்கோடு இப்போது நியாயமாகவே கணக்கில் வருகிறது. ஆகவே கேள்வியை வாசிக்கும்போது கேட்க வேண்டியது “சூத்திரம் என்ன” என்பதல்ல, “சட்டம் எங்கெல்லாம் போகிறது” என்பதே.

புதிதாக வகையிட வேண்டாம். வரவு செலவைப் பார்த்தாலே போதும். உயர்த்துவதில் மாற்றம் இல்லை: மீட்டருக்கு r. அகலப்படுத்தும்போது வரவு அதே (2h + πr), ஆனால் செலவு 4 + π, ஏனென்றால் அடிப்பக்கத்தோடு குறுக்குச் சட்டமும் நீள்கிறது. சமப்படுத்தினால் 2h = 4r, அதாவது h = 2r. செவ்வகம் இப்போது சதுரமாகிவிட்டது. 6 மீட்டருக்கு r = 6/(8 + π) = 0.539 மீட்டர், h = 1.077 மீட்டர், பரப்பு 1.616 சதுர மீட்டர். பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்திருக்கிறது. குறுக்குச் சட்டம் மலிவானதல்ல. அகலம் விலை கூடியதால் ஜன்னல் ஒடுங்கி நெட்டையாகிறது என்பதைக் கணக்குப் போடாமலேயே ஊகித்திருக்கலாம். குறுக்குச் சட்டம் உள்ள ஜன்னலுக்குப் பழைய விதியான h = r-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் 1.538தான் கிடைக்கும், ஏறத்தாழ 5 விழுக்காடு நட்டம்.

இன்னொரு மாற்றம் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும்: அரைவட்டத்தில் நிறக் கண்ணாடி, அது செவ்வகத்தின் கண்ணாடி விடுவதில் பாதி வெளிச்சத்தையே உள்ளே விடும், பரப்பை அல்ல, வெளிச்சத்தைப் பெருமமாக்க வேண்டும். இங்கே செலவு மாறவில்லை, வளைவின் வரவு மட்டும் பாதியாகிறது. (2h + πr/2)/(2 + π) = r என்று எழுதினால் h = r(1 + π/4), ஏறத்தாழ 1.785r. இம்முறை வளைவின் வரவும் செலவும் ஒன்றுக்கொன்று ஈடாகவில்லை. அதனால் π விடையில் தங்கிவிட்டது.

தவறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நடுக்கோட்டைச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்ததாக அடிக்கடி நடப்பது, அகலத்தை x என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதால் வருவது. அதில் தவறில்லை, ஆனால் அப்போது ஆரம் x/2. வளைவின் நீளம் πx/2, அரைவட்டத்தின் பரப்பு πx²/8. அந்த 8 பலருக்கு 4 ஆகவோ 2 ஆகவோ மாறிவிடும். ஆரத்தில் ஒரு பாதி, அதை வர்க்கமாக்கும்போது கால், அரைவட்டம் என்பதால் இன்னொரு பாதி. மூன்றும் சேர்ந்துதான் 8. ஆரத்தையே மாறியாக எடுப்பது இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. விடை வந்த பிறகு அளவுகளைக் கூட்டி 6 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்: அடி 1.680, பக்கவாட்டுகள் இரண்டும் சேர்ந்து 1.680, வளைவு 2.639. கூட்டினால் 5.999, தசமத்தில் முழுமையாக்கியதால் வரும் வித்தியாசம் மட்டுமே. h குறை எண்ணாக வந்தால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, இந்தப் பெருமம் எவ்வளவு கண்டிப்பானது? பரப்பளவின் சூத்திரத்தை முழு வர்க்கமாக மாற்றி எழுதினால் அது தெரியும்:

```
A = 2.520 − 3.571 (r − 0.840)²
```

வர்க்கம் எப்போதும் குறை எண் ஆகாது, எனவே 2.520-ஐத் தாண்ட வழியே இல்லை என்பதற்கு இந்த ஒரு வரியே நிரூபணம். ஆரத்தில் 10 சென்டிமீட்டர் பிசகினால் இழப்பு 0.036 சதுர மீட்டர், ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. பரவளையத்தின் உச்சி தட்டையானது. அதன் அருகே எங்கு நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. முன்பு போட்டுப் பார்த்த எண்களில் 0.8-உம் 0.9-உம் கிட்டத்தட்ட ஒரே பரப்பைத் தந்ததும் இதனால்தான்.

ஆனால் சுவர் குறுகலாக இருந்து, ஜன்னலின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றால்? அப்போது r 0.6-க்கு மேல் போக முடியாது. வகைக்கெழுவைச் சுழியமாக்கிக் கிடைத்த 0.840 நமக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. 0 முதல் 0.6 வரை பரப்பு ஏறிக்கொண்டே போவதால், எல்லையிலேயே நின்றுவிடுவதுதான் சிறந்தது: r = 0.6, h = 1.458 மீட்டர். மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் பரப்பு 2.520 − 3.571 × 0.0576 = 2.314 சதுர மீட்டர். உச்ச அளவைவிட 8 விழுக்காடு குறைவு. இந்த ஜன்னலில் அகலப்படுத்தும் வீதம் மீட்டருக்கு 0.93, உயர்த்தும் வீதம் 0.6. வீதங்கள் இன்னும் சமமாகவில்லை. அகலம் கூடுதல் சட்டம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, சுவர்தான் இடம் தர மறுக்கிறது.